தொட்டிலுக்கு ஒரு சொல், மடிக்கு ஒரு சொல்

பக்கத்து வீட்டுச் சேச்சி தொட்டிலுக்குள் குனிந்து "உண்ணீ... உண்ணீ..." என்று இழுத்துக் கூப்பிட்டபோது, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, பதறி எழுந்து வந்தார். "எங்கே சாமி? காதுக்குப் பின்னாலா?" என்று கேட்டுக்கொண்டே என் மகனின் காது மடலை மடித்துப் பார்த்தார். எழுபது வருடம் எருமையும் பசுவும் வளர்த்தவர். அவருக்கு உண்ணி என்றால் மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற பூச்சி, அவ்வளவுதான். மலையாளத்தில் அது ஆண் குழந்தையைக் கொஞ்சும் சொல் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் சமாதானம் ஆகவில்லை. "பிள்ளைக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைக்குத் திரும்பினார்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினால் சோதனைச்சாவடி தாண்டியதும் தமிழ்நாடு. எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடையில் இரண்டும், அரசு அலுவலகத்தில் மலையாளம். நான் படித்தது மலையாள வழியில். கொங்குத் தமிழ் காதால் வந்தது, எழுத்துத் தமிழை நானாக வாசித்துக் கற்றுக்கொண்டேன். மகன் பிறந்து மூன்றாம் மாதத்தில், அவனைத் தூங்க வைக்க என்னிடம் முழுதாக ஒரு தாலாட்டுகூட இல்லை என்பது தெரிந்தது. அம்மிச்சி பாடுவதில் பாதி மாமன் சீரும் சித்தப்பன் சண்டையுமாக நீளும், எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. நானே நான்கு வரி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். குழந்தை சின்னவன், சின்னது என்பதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

முதலில் எழுதியது இது:

குட்டிக் குட்டி மூக்கு
கொட்டைப் பாக்கு நாக்கு
சுட்டி விரலை நீட்டிச்
சொட்டுப் பாலைக் காட்டு

எதுகை நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்கே கர்வம். சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினேன். இரண்டாம் முறை பாடும்போது பாதி மூடியிருந்த கண்கள் முழுதாகத் திறந்தன. நான்காம் முறை அவன் கால்களை உதைத்துக்கொண்டு சிரித்தான். அன்று அவன் தூங்கியது ஒன்றரை மணி நேரம் கழித்து. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் அம்மிச்சி சொன்னார்: "கண்ணு, இது மடிக்கு ஆகிற பாட்டு. தொட்டிலுக்கு ஆகாது."

ஏன் ஆகாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்காமல் அதையே முனகிக் காட்டச் சொன்னார். முனகிப் பார்த்தேன், முடியவில்லை. 'குட்டி' என்பதில் ட்-டை இழுக்க முடியாது, அந்த இடத்தில் மூச்சு நின்று வெடித்துத்தான் கிளம்பும். மூக்கு, நாக்கு, கொட்டை, சொட்டு எல்லாமே அப்படித்தான். வரிக்கு மூன்று நான்கு இடத்தில் நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், குழந்தை எப்படித் தூங்குவான்? ஆனால் ங், ஞ், ண், ந், ம், ன் என்ற மெல்லினமும், ல், ள், ழ் போன்ற இடையினமும் அப்படி இல்லை. மூச்சு நிற்காமல் அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். 'ஆராரோ'வைப் பாருங்கள், அதில் மூச்சு முட்டி நிற்கிற இடம் ஒன்றுகூட இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த 'சின்ன' சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக முனகிப் பார்த்தேன். குட்டி, சிட்டு, பொட்டு, சொட்டு, மொட்டு தேறவில்லை. சின்ன, சின்னஞ்சிறு, மணி நன்றாக நீண்டன. பிஞ்சு, அரும்பு, கொழுந்து, சுண்டு ஆகியவை நடுவில் நின்றன: வல்லினம் இருக்கிறது, ஆனால் முன்னால் ஒரு மெல்லினம் மெத்தை போட்டு வைத்திருக்கிறது. 'பிஞ்...சு' என்று ஞ்-ஐ இழுத்துவிட்டு மெதுவாக இறங்கலாம். அதனால் அவையும் ஆகும்.

இன்னொரு நுணுக்கம் எழுதிப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. 'குட்டி' பெயர்ச்சொல், அதனால் கையோடு சேர்ந்தால் குட்டிக் கை என்று நடுவில் இன்னொரு க் முளைக்கிறது. 'சின்ன' பெயரெச்சம், 'சின்னச் சின்ன' என்ற அடுக்கைத் தவிர அதற்குப் பின் வல்லினம் மிகாது. சின்ன கை, சின்ன பல், சின்ன காது. அதேபோல் சிறுகை, சிறுபல். பள்ளியில் இந்த விதியை யாராவது தாலாட்டு வழியாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்திருக்கவே மாட்டேன். ஆனால் 'சிறு' உயிரெழுத்துக்கு முன்னால் குணம் மாறிவிடும்: சிற்றடி, சிற்றிதழ், சிற்றெறும்பு. அந்த ற்ற் மறுபடியும் கதவைத் தட்டுகிறது. சிற்றெறும்பை நடக்கப் பழகும் நாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த முயற்சி இப்படித் தொடங்கியது: 'சின்னச் சின்ன மூக்கே, சின்னச் சின்ன வாயே'. ஓசை பரவாயில்லை. அம்மிச்சி கேட்டார்: "எத்தனை மூக்கு இருக்கிறது பிள்ளைக்கு?"

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி சரியானது. 'சின்னச் சின்ன' என்று அடுக்கும்போது சின்னத்தனம் கூடுவதைவிட எண்ணிக்கைதான் கூடுகிறது. சின்னச் சின்ன கற்கள், சின்னச் சின்ன வேலைகள் என்றால் பல கற்கள், பல வேலைகள், ஒவ்வொன்றும் சின்னது. சின்னச் சின்ன விரல் என்றால் பத்து விரல் இருப்பதால் பொருந்துகிறது. மூக்கு ஒன்றுதான். ஒன்றே ஒன்றை மிகவும் சின்னது என்று சொல்லத் தமிழில் வேறு வழி இருக்கிறது: சின்னஞ்சிறு. அதே பொருளுள்ள இரண்டு வேறு சொற்களை ஒட்டினால் அளவு சுருங்குகிறது, ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னால் பொருள்கள் பெருகுகின்றன. பெரியதற்கும் இப்படித்தான், பென்னம்பெரிய மலை ஒன்று, பெரிய பெரிய மலைகள் பல.

இதை அம்மிச்சியின் கிண்டல் என்று விட்டுவிடாமல் நம்பியதற்குக் காரணம், புறநானூற்றின் 188-ஆம் பாட்டு நினைவுக்கு வந்ததுதான். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குழந்தை 'குறுகுறு நடந்து சிறுகை நீட்டி' வருகிறது. நடையில் அடிகள் பல, அதனால் குறுகுறு. நீட்டுவது ஒரு கை, அதனால் வெறும் சிறுகை. அரசன் எண்ணிப் பார்த்து எழுதினானா என்று தெரியவில்லை, ஆனால் என் அம்மிச்சி அந்த வரியில் குறை கண்டுபிடித்திருக்க மாட்டார்.

விதிவிலக்கும் உண்டு. குழந்தையின் முகத்தைத் தொட்டுத் தொட்டு விளையாடும்போது 'குட்டிக் குட்டி மூக்கு' என்று யாரும் சொல்வார்கள், தவறாகவும் ஒலிக்காது. அங்கே அடுக்கு, விரல் தொடுவதோடு சேர்ந்து வருகிறது: ஒரு குட்டிக்கு ஒரு தொடல், இரண்டு குட்டிக்கு இரண்டு தொடல். என் முதல் பாட்டு மடியில் பிழைத்துக்கொண்டது அதனால்தான். ஆறாம் மாதத்தில் உட்கார வைத்துச் சோறு ஊட்டும்போது அதைவிட நல்ல பாட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை. அப்போதுதான் இத்துனூண்டு, துளியூண்டு, கொஞ்சூண்டு என்று பேச்சில் மட்டும் வாழ்கிற சொற்களும் உள்ளே வந்தன. அவை விரல் நுனியால் அளவு காட்டிக்கொண்டு சொல்ல வேண்டியவை. இருட்டில் தொட்டில் ஆட்டும்போது யாருக்கு விரலைக் காட்டுவது? இவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. இத்துனூண்டு கைக்கும் ஆகும், பாலுக்கும் ஆகும். கொஞ்சூண்டு பாலுக்கும் சோற்றுக்கும் மட்டுந்தான். கொஞ்சூண்டு கை என்று சொன்னால் மீதிக் கை எங்கே என்று கேட்பார்கள். சேச்சியின் 'இத்திரி'யும் இங்கே கைகொடுத்தது. 'இத்திரி சோறு, இத்திரி பருப்பு' என்று ஊட்டினால் வாயைத் திறப்பான்.

மலையாளச் சொற்களைப் பாட்டுக்குள் விடுவதா என்பதில்தான் வீட்டில் விவாதம் நடந்தது. அதற்கு நானே ஒரு முறை பட்டதும் காரணம். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வீட்டில், கணவர் வழி உறவுக்கார அக்கா ஒருவரிடம் "குட்டி எங்கே அக்கா? கூட்டி வரவில்லையா?" என்று கேட்டேன். மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தை, வெறும் குழந்தை. பள்ளிக்கூடத்து நோட்டீசில்கூட 'குட்டிகள்' என்றுதான் அச்சடிப்பார்கள். அந்த அக்காவின் மகளுக்குப் பத்தொன்பது வயது. தமிழில் வயது வந்த பெண்ணைக் குட்டி என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். அக்கா பதில் சொல்லாமல் தாம்பூலத் தட்டைப் பார்த்தார். என் அத்தை இடையில் புகுந்து, "அவள் மலையாளத்தில் படித்தவள்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். 'குட்டிப் பாப்பா', 'குட்டிக் கண்ணா' என்று பின்னால் ஒரு சொல் சேர்ந்தால் தமிழில் குழைகிறது, தனியாக நின்றால் கூர்மையாகிவிடுகிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் இந்தச் சொற்கள் ஓர் இடத்தில் நின்றவை அல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது வருகின்றன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அங்கே குட்டி என்பது எலிக்கும் அணிலுக்கும் உரியது, பிள்ளை பறவைக்கு உரியது. இப்போது நாம் அணிலை அணில்பிள்ளை என்கிறோம், மலையாளிகள் மனிதக் குழந்தையைக் குட்டி என்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் ஒரு படி மேலே, மரமும் பிள்ளை பெறுகிறது: தென்னங்கன்றை யாரும் கன்று என்று சொல்வதில்லை, தென்னம்பிள்ளைதான். வாழைக்குக் கன்று, மாவுக்குக் கன்று, தென்னைக்கு மட்டும் பிள்ளை. மகன் பிறந்த வாரம் அம்மிச்சி கிணற்று மேட்டில் ஒரு தென்னம்பிள்ளை நட்டார், அவன் பெயரைச் சொல்லித்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். தாலாட்டில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. 'பிள்ளை'யில் இருப்பது ள்ள், முனகிப் பார்த்தால் தேறுகிறது.

சேச்சி சொல்கிற 'குஞ்ஞு' அடுத்தது. அவர் மாலையில் வந்து தொட்டிலைப் பிடித்துக்கொண்டு "குஞ்ஞே... குஞ்ஞே..." என்று நான்கு முறை சொன்னால் இவன் கண் சொக்குவான். நான் பாட்டே பாடினாலும் நடக்காத காரியம். பொறாமையோடு கவனித்தேன். ஞ்ஞ் என்பது நாம் விஞ்ஞானம், அஞ்ஞானம் என்று சொல்லும்போது வருகிற ஒலி. மூக்கு வழியே நீளமாக ஓடுகிறது, எங்குமே முட்டுவதில்லை. நம்முடைய குஞ்சுதான் அது. தமிழில் மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து வருகிற சில இடங்களில் மலையாளம் வல்லினத்தைக் கரைத்து மெல்லினத்தை இரட்டிக்கிறது: கஞ்சி அங்கே கஞ்ஞி, பஞ்சு பஞ்ஞி, மஞ்சள் மஞ்ஞள், மாங்காய் மாங்ஙா. எல்லாச் சொல்லிலும் இப்படி நடப்பதில்லை, இஞ்சி அங்கேயும் இஞ்சிதான். ஆனால் குஞ்சில் இருந்த சு கரைந்துவிட்டது. தாலாட்டுக்கு நான் தேடிக்கொண்டிருந்த வேலையை ஒரு மொழியே செய்து வைத்திருந்தது.

அப்படியானால் தமிழ்க் குஞ்சையே வைத்துக்கொள்ளலாமே என்று கணவர் கேட்டார். கோழிக்குஞ்சு, கிளிக்குஞ்சு, மீன்குஞ்சு என்றால் சரி. தனியாக, அதுவும் ஆண் குழந்தையிடம் சொன்னால் எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு வேறு பொருள். அண்டை வீட்டுப் பையன்கள் தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு நான் பாடுவதைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குஞ்ஞு என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, காரணம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது சேச்சியின் சொல் என்று தெரியும். உண்ணியை அம்மிச்சி உள்ளே விடவே இல்லை. அதை நானும் வற்புறுத்தவில்லை, பாடுகிற மூவரில் ஒருவருக்குப் பூச்சி நினைவுக்கு வந்தாலும் அந்தச் சொல் அந்த வீட்டுத் தொட்டிலுக்கு ஆகாது.

ஓசை தவிர இன்னொன்றும் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. எங்கள் சேலைத் தொட்டில் விட்டத்தில் இருந்து தொங்குகிறது, மேல் முடிச்சில் இருந்து குழந்தை படுத்திருக்கும் இடம் வரை கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு முறை போய் வர மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வேகமாகத் தள்ளினால் அகலமாக ஆடுமே தவிர, போய் வரும் நேரம் பெரிதாக மாறாது. அந்த ஒரு போக்குவரவுக்குள் இரண்டு சீர் உட்கார வேண்டும், ஒரு வரிக்கு நான்கு சீர் என்றால் இரண்டு ஆட்டம். என் முதல் பாட்டின் வரி மிகவும் குட்டை, ஒரு ஆட்டத்துக்குள் முடிந்துவிடும். பாட்டு ஒரு பக்கம், தொட்டில் ஒரு பக்கம் என்று இழுத்தால் கை தானாகத் தொட்டிலை உலுக்கிவிடுகிறது. அம்மிச்சியின் வரிகள் ஏன் நீளம் என்பதும் அப்போது விளங்கியது, அவர் பாடிப் பழகியது உயரமான ஓட்டு வீட்டில்.

கடைசியில் நின்றது இது:

ஆராரோ ஆரிரரோ ஆரிரரோ ஆராரோ
சின்னஞ் சிறுவாயில் சிந்துகின்ற பாலமுதே
பிஞ்சு விரலாலே பின்னுகின்ற பூங்கொழுந்தே
தென்னம் பிள்ளையுடன் தென்றலிலே ஆடுகின்ற
குஞ்ஞே என்கண்ணே கண்வளராய் கண்மணியே

வாய் ஒன்று, அதனால் சின்னஞ்சிறு. விரல்கள் பல, அங்கே 'சின்னச் சின்ன' போட்டிருக்கலாம். ஆனால் பால் குடிக்கும்போது அவன் என் சேலை நூலைச் சுற்றிப் பின்னுவது கொடி சுற்றுவதுபோல இருக்கும், அதற்குப் பிஞ்சும் கொழுந்தும்தான் பொருத்தம். ஒரே செடியின் சொற்களாக இருந்தால் வரி தானே ஒட்டிக்கொள்கிறது. முதலில் 'பிஞ்சு விரலாலே பின்னுகின்ற சிட்டே' என்று எழுதி, சிட்டு எங்கே பின்னியது என்று நானே அடித்தேன். 'தூங்கு' என்ற சொல்லை வைக்கவில்லை. கண்வளர் என்பது தாலாட்டுக்கே உரிய பழைய சொல், அதில் ண், வ், ள், ர் எல்லாம் நீள்பவை. 'தூங்கு' என்று முடித்தால் கு-வில் இடறும். நான்காம் வரியில் தென்றல் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் உண்மையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வருவது தென்றல் அல்ல, கூரை ஓட்டைக் கழற்றுகிற காற்று. தாலாட்டில் ஒரு பொய் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இது எப்போதும் வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். பசியிலோ காதுவலியிலோ அழுகிற குழந்தையை எந்த மெல்லினமும் தூங்க வைக்காது. ஒரு முறை இரவு பதினொரு மணிக்கு அரை மணி நேரம் பாடிவிட்டு, பிறகுதான் துணி நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

நாத்தனார் பொள்ளாச்சியில் இருக்கிறார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்ததும் இந்தப் பாட்டை எழுதிக் கேட்டார். அங்கே அவர்கள் வாங்கியிருப்பது ஸ்பிரிங் தொட்டில், மேலும் கீழும் குதிக்கும். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, "அண்ணி, ஒரு வரி முடிவதற்குள் தொட்டில் பத்து முறை குதித்துவிடுகிறது" என்றார். குட்டிக் குட்டி மூக்கை அனுப்பி வைத்தேன், ஸ்பிரிங்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் குழந்தை விழித்துக்கொண்டே இருக்கிறதாம். அதனால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, என் அத்தை தன் பழைய நூல் சேலையைக் கொடுத்து விட்டத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார். பாட்டிலும் ஒரு சொல் மாற்றம். 'குஞ்ஞே' அந்தத் தெருவில் விளங்காது, அதைவிட மோசமாக வேறுவிதமாக விளங்கும். 'கண்ணே என்பொன்னே' என்று பாடுகிறார். அளவு சரியாகத்தான் இருக்கிறது.